செவ்வாய்க்கிழமை ஷீட்: நானும் அக்காவும் போட்ட வேலைக் கணக்கு

இந்த எபிசோட்ல கெஸ்ட் யாரும் இல்ல. ஆனா பாதி எபிசோட் என் அக்கா சொன்னது. அவளைப் பேச வரச் சொன்னேன். "மைக் முன்னாடி எல்லாம் உட்கார மாட்டேன், நீயே சொல்லிடு, ஆனா சரியா சொல்லு"ன்னுட்டா. சரியா சொல்லப் பார்க்கிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு வலது முழங்கால்ல மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. எங்க வீடு செங்கல்பட்டுல. அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது திருக்கழுக்குன்றத்துல. நான் சென்னைல வேலை. ஆபரேஷன் முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு வந்து தங்கினா. நான் வாக்கர் வாங்கினேன், வெஸ்டர்ன் டாய்லெட் சேர் வாங்கினேன், பிசியோதெரபிஸ்ட் வர ஏற்பாடு பண்ணினேன், மருந்து தீராம பார்த்துக்கிட்டேன். எனக்குள்ள ஒரு திருப்தி, நல்லாத்தான் செய்றோம்னு.

ஒரு வாரம் கழிச்சு, பேச்சு வாக்குல, "நம்ம வீட்டுல சின்ன வயசுலேர்ந்தே ரெண்டு பேரும் சேர்ந்துதானே எல்லாம் செஞ்சிருக்கோம்"னு சொன்னேன். அக்கா பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பிக்கூடப் பார்க்கல. "டேய், நீ வாங்கிட்டு வர்ற ஆளு. நான் இருக்கிற ஆளு. அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்"னா.

எனக்கு கோவம் வந்துடுச்சு. மாவு மிஷினுக்கு யாரு போனது, கரண்ட் பில் கட்ட வரிசைல யாரு நின்னது, கேஸ் தீர்ந்தா யாரு ஓடினதுன்னு லிஸ்ட் போட்டேன். "நீ எதுவுமே செய்யல"ன்னு அவளும் சொன்னா. ரெண்டு நாள் பேசிக்கல.

அப்புறம் என் தொழில் புத்தி வேலை செஞ்சது. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா, லாகை எடுத்துப் பார்க்கணும். பழைய வீட்டு வேலைக்கு லாக் எங்க இருக்கு? அதைத் தேடும்போதுதான் ஒரு நல்ல முறை கிடைச்சது.

இந்திய அரசோட தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடத்துது. முதல்ல 1998-99-ல ஆறு மாநிலங்கள்ல ஒரு முன்னோட்டமா நடந்தது, அதுல தமிழ்நாடும் ஒண்ணு. நாடு முழுக்க நடந்தது 2019-ல, அப்புறம் 2024-ல. ஆறு வயசுக்கு மேல இருக்கிற எல்லாரையும் கேட்கிறாங்க. ஆறு வயசுப் பிள்ளையோட வேலையும் கணக்குல வருது, அதைக் கவனிங்க.

"நீங்க வீட்டு வேலை எவ்வளவு செய்வீங்க?"ன்னு அவங்க கேட்கிறது இல்ல. அப்படிக் கேட்டா எல்லாரும் தன்னைப் பத்தி ஒரு அபிப்பிராயம் சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா ஒரு நாளைக் காலைல நாலு மணிலேர்ந்து அடுத்த நாள் காலைல நாலு மணி வரைக்கும் அரை அரை மணி நேரமா வெட்டுறாங்க. மொத்தம் 48 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன செஞ்சீங்க, அவ்வளவுதான். ஒரே கட்டத்துல ரெண்டு மூணு வேலை நடந்திருந்தா, பத்து நிமிஷமாவது நடந்ததை மூணு வரைக்கும் எழுதிக்கலாம்.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். நாங்க எடுத்துக்கிட்டது 2010-ல ஒரு செவ்வாய்க்கிழமை. நான் எட்டாவது, அவ பன்னிரண்டாவது. பண்டிகை இல்ல, பரீட்சை இல்ல, வீட்டுல விருந்தாளி இல்ல. தனித்தனியா எழுதணும், எழுதி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் கணக்கெடுப்புல நேத்து நடந்ததைக் கேட்கிறாங்க. நாங்க பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைக் கேட்கிறோம். அதனால நேரம் மாறாத விஷயங்களை முதல்ல குறிச்சுக்கிட்டோம். ஸ்கூல் மணி, அப்பா பிடிக்கிற பீச் ட்ரெயின், தெருக்குழாய்ல தண்ணி வர்ற நேரம், ராத்திரி அம்மா பார்க்கிற சீரியல். இதுக்கு நடுவுல மீதியைப் பொருத்தினோம். ரெண்டு பேருக்கும் சந்தேகம் வந்த கட்டத்தைக் காலியாவே விட்டோம். கடைசியா, எங்க ஷீட்டைக் காட்டாம அம்மாகிட்டயும் கேட்டோம்.

எழுதறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் செஞ்சோம். பிள்ளைங்க செஞ்ச வேலைல உன் பங்கு நூத்துக்கு எவ்வளவுன்னு ஆளுக்கொரு நம்பர் துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு வெச்சோம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

அக்காவோட செவ்வாய்க்கிழமை இது. அஞ்சு மணிக்கு எழுந்து வாசல் பெருக்கி, தண்ணி தெளிச்சு, கோலம். ஒரு கட்டம். ஆறரைலேர்ந்து ஏழரை வரைக்கும் அம்மாவோட அடுப்படில, காய் நறுக்கி, எங்க எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டுறது. ரெண்டு கட்டம். ஸ்கூல் விட்டு வந்ததும் காலைல போட்ட பாத்திரம், ஒரு கட்டம். மொட்டை மாடில காயுற துணியை எடுத்து மடிக்கிறது, ஒரு கட்டம். ராத்திரி எல்லாருக்கும் சாப்பாடு போடுறது ஒண்ணு, அப்புறம் மறுபடி பாத்திரம், அடுப்பு துடைக்கிறது ஒண்ணு. மொத்தம் ஏழு கட்டம், 210 நிமிஷம். பப்ளிக் எக்ஸாம் எழுதுற வருஷம்.

என்னோட செவ்வாய்க்கிழமைல வீட்டு வேலைன்னு எதுவும் இல்ல. பூஜ்யம்.

நான் உடனே ஆட்சேபம் பண்ணினேன். "செவ்வாய்க்கிழமை எடுத்தா அப்படித்தான் வரும். சனிக்கிழமை எடு"ன்னேன். அவளும் சரின்னா. சனிக்கிழமை மாவு மிஷினுக்குப் போக வர ஒரு மணி நேரம், மளிகைக் கடை அரை மணி நேரம். புதன்கிழமை சாயங்காலமும் ஏதாவது ஒரு கடை வேலை வரும், அரை மணி நேரம். மாவு மிஷின் கதையைச் சொன்னப்போ அக்காவே, "ஆமா, சைக்கிள் கேரியர்ல தூக்கு வாளியைக் கட்டிக்கிட்டுப் போவ, அதை நான் மறந்தே போயிட்டேன்"னா. "எதுவுமே செய்யல"ங்கிறதை வாபஸ் வாங்கிக்கிட்டா.

ஆக, என் வாரம் மொத்தம் 120 நிமிஷம், ரெண்டு நாள்ல. இப்ப ஒரு கணக்கு. நான் வேலை செஞ்ச நாளை மட்டும் எடுத்தா, நாளைக்கு ஒரு மணி நேரம். ஏழு நாளுக்கும் பிரிச்சா 17 நிமிஷம். என் ஞாபகத்துல இருந்தது அந்த ஒரு மணி நேரம். பொய் இல்ல. ஆனா நான் சராசரி எடுத்தது வேலை செஞ்ச நாளுக்கு மட்டும். வேலை செய்யாத அஞ்சு நாளும் என் ஞாபகத்துல வீட்டு வேலைக் கணக்குக்குள்ளேயே வரல, அது கிரிக்கெட் கணக்குல இருந்தது. அக்காவுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. ஏழு நாளும் வேலை, எப்படிப் பிரிச்சாலும் 210-க்குக் குறையாது.

நாட்டுக் கணக்குலயும் இதே விஷயம் இருக்கு. 2019 கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்னு ஒரு எண்ணை அடிக்கடி பார்ப்பீங்க. 2024-ல அது 289, 88. இதைப் பார்த்தா மூணுக்கு ஒண்ணாவது ஆம்பளைங்க செய்றாங்கன்னு தோணும். ஆனா இது அன்னைக்கு அந்த வேலையைத் தொட்டவங்களோட சராசரி மட்டும்தான். 2019-ல அப்படித் தொட்டவங்க பெண்கள்ல நூத்துக்கு 81 பேர், ஆண்கள்ல 26 பேர். மீதி 74 ஆம்பளைங்களையும் சேர்த்துப் பிரிச்சா 97 நிமிஷம் 25 நிமிஷமா சுருங்கிடும். பெண்கள் பக்கம் 299 குறைஞ்சு 243-ல நிக்கும். மூணுக்கு ஒண்ணு இல்ல, கிட்டத்தட்ட பத்துக்கு ஒண்ணு. 97 நிமிஷம் உழைச்சவனோட ஞாபகம் ஒரு பக்கம், நடந்த 25 நிமிஷம் ஒரு பக்கம். ரெண்டும் உண்மை. சண்டை வர்றது இங்கதான்.

இப்ப துண்டுச் சீட்டு. நான் எழுதியிருந்தது 40. அக்கா எழுதியிருந்தது 70. கூட்டினா 110.

இது எங்க வீட்டுல மட்டும் நடக்கிறது இல்ல. 1979-ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கனடாவுல கணவன் மனைவி ஜோடிகளைத் தனித்தனியா கேட்டாங்க. சமையல், பாத்திரம் மாதிரி வேலைகள்ல உங்க பங்கு எவ்வளவுன்னு. பெரும்பாலான ஜோடிகள்ல ரெண்டு பேர் சொன்னதையும் கூட்டினா நூறைத் தாண்டுச்சு. பெருமைக்காக மட்டும் சொல்லல. சண்டையை ஆரம்பிக்கிறது யாருன்னு கேட்டதுலயும் தன் பங்கைக் கூட்டித்தான் சொன்னாங்க. நாம செஞ்சது நமக்கு சுலபமா ஞாபகம் வருது, அடுத்தவங்க செஞ்சது வர்றதில்லைங்கிறது அவங்க சொன்ன காரணம்.

இந்த ஆய்வைக் கேட்டதும் ஒரு தீர்ப்பு சொல்லத் தோணும். ரெண்டு பேருமே கூட்டிச் சொல்றாங்க, ஆளுக்கு அஞ்சு குறைச்சுக்கோங்க, விஷயம் முடிஞ்சதுன்னு. நானும் அதைத்தான் நினைச்சேன். ஷீட் வேற சொன்னது. வாரத்துக்கு அவ 1,470 நிமிஷம், நான் 120. அவ பங்கு 92, என் பங்கு 8. நூறைத் தாண்டின பத்து மொத்தமும் என்னோடது. அதுக்கு மேலயும் 22 இருக்கு, அது அவ தனக்கே குறைச்சுப் போட்டுக்கிட்டது. கூட்டுத்தொகை நூறைத் தாண்டிடுச்சுன்னா யாரோ கூட்டிச் சொல்றாங்கன்னு மட்டும்தான் தெரியும். யாருன்னு தெரியாது.

ஏன் குறைச்சா? கேட்டேன். அவ கோலத்தையும் துணியையும் கணக்குலயே சேர்க்கல. "அதெல்லாம் வேலையா என்ன"ன்னா. அம்மாவும் தனியா கேட்டப்போ இதே வார்த்தையைச் சொன்னாங்க. எனக்கு மாவு மிஷின் ஞாபகம் இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. கிளம்பினேன், வரிசைல நின்னேன், சூடான மாவை வாங்கினேன், மீதிச் சில்லறைல போண்டா தின்னேன், வீட்டுல "போயிட்டு வந்துட்டான்"னு சொன்னாங்க. அதுக்கு ஆரம்பம், முடிவு, கூலி எல்லாம் இருக்கு. பாத்திரத்துக்கு அது எதுவும் இல்ல. ராத்திரி கழுவி வெச்சது காலைல மறுபடி தொட்டிக்கு வந்துடும். ஆயிரம் தடவை கழுவினதுல எந்தத் தடவைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது? நம்ம வீடுகள்ல பையனுக்குக் குடுக்கிறது அப்பப்போ வர்ற, வாசலுக்கு வெளிய இருக்கிற வேலை. பொண்ணுக்குக் குடுக்கிறது தினமும் வர்ற, கடிகாரத்தோட கட்டின வேலை. நிமிஷத்துல மட்டும் இல்ல, ஞாபகத்துல தங்குறதுலயும் அது ஓரவஞ்சனைதான்.

அந்த ஷீட்டுல பிடிபடாத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு தண்ணி. எங்க தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி வரும். அன்னைக்கு அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும் அக்கா குடம் தூக்குவா. அரசுக் கணக்குல வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர்றது வீட்டு வேலைங்கிற தலைப்புல வராது, சொந்த உபயோகத்துக்கான உற்பத்திங்கிற தலைப்புல போயிடும். பிள்ளைகளையும் முடியாதவங்களையும் பார்த்துக்கிறதுக்கும் தனித் தலைப்பு. அதனால 299-ங்கிற எண்ணுக்குள்ள ஒரு குடம் தண்ணிகூட கிடையாது. அந்த வழக்கத்துலயே நானும் அக்காவோட 210-ல தண்ணியைச் சேர்க்கல.

ரெண்டாவது, சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு. அக்கா அந்த நாலு கட்டத்துலயும் "படிப்பு"ன்னு எழுதியிருந்தா. நானும் பக்கத்து ரூம்ல படிச்சேன். ஆனா அடுப்புல குக்கர் இருக்கும், மூணு விசில்ல அணைக்கணும். அணைக்க அஞ்சு செகண்ட். பத்து நிமிஷம்கூட ஆகாத வேலைங்கிறதால எந்தக் கட்டத்துலயும் வராது. ஆனா அவ காது ரெண்டு மணி நேரமும் அடுப்படில இருந்தது. "பால் பொங்குதா பாரு", "வாசல்ல யாரு பாரு". பார்க்க வேண்டியது எப்பவும் அவதான்.

அதனால ஷீட்டுல ஒரு காலம் சேர்த்தோம். "இந்த நேரத்துல யார்கிட்டயும் சொல்லாம எழுந்து போயிருக்க முடியுமா?" ஸ்கூல் விட்டு வந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பத்து கட்டம். டியூஷன் ரெண்டு கட்டம் போக, எனக்கு எட்டுலயும் முடியும். அவளுக்கு ஒண்ணுலயும் முடியாது. இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். வயசுப் பொண்ணு வெளிய போகக் கூடாதுங்கிற கட்டுப்பாடும் இதுல கலந்திருக்கு, எல்லாமே வேலையால வந்தது இல்ல. ஆனா வீட்டுலயே இருக்கிற ஆளுகிட்டதான் வேலை போய்ச் சேரும். ஒண்ணு இன்னொண்ணை இழுத்துக்கிட்டு வரும்.

இதைப் பேசும்போதுதான் மே மாச லீவு வந்தது. எங்க ஆயா வீடு மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவுல கடலோர ஊர். நான் இந்த பாட்காஸ்ட்லயே பல தடவ சொல்லியிருக்கேன், என் சின்ன வயசுன்னா அந்தக் கடல்தான்னு. விடியக்காலைல மாமாவோட ஃபைபர் போட் கரையேறும். ஓடிப்போய் வலைலேர்ந்து மீன் கழட்டுவேன். மாமா பத்து ரூபா குடுப்பார், இல்லாட்டி நாலு நண்டு.

அக்கா கேட்டா, "அந்த லீவுல நான் எத்தனை தடவை கடலுக்கு வந்தேன்னு சொல்லு பார்ப்போம்." எனக்கு சொல்ல முடியல. "ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெரியவங்களோட. வேற ஞாபகம் இல்ல"ன்னா. அவ ஞாபகத்துல இருக்கிற ஆயா வீடு பின்கட்டு. ஆயா கூடையைத் தூக்கிக்கிட்டு மீன் விக்கப் போயிடுவாங்க, மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க. மீனவர் வீட்டுல ஆம்பளை பிடிச்சுக்கிட்டு வந்தா, விக்கிறது பொம்பளைங்கதான். ஆயா வெளிய போற அந்த நேரத்துக்கு வீட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். லீவுக்கு வந்த பேத்தி இருந்தா. ஒரு கிலோ நெத்திலின்னா நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணா தலையைக் கிள்ளி ஆயணும். அதே லீவு, அதே வீடு. கடல் சத்தம் கேட்கிற தூரம்.

இதுல ஆயாவைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, அக்காவுக்கும் வரல. அம்மாகிட்ட மட்டும் ஒரு தடவை கேட்டா. "ரெண்டு பேரையும் ஒண்ணாத்தானே வளர்த்தேன், ஒரே சாப்பாடு, ஒரே துணி"ன்னாங்க அம்மா. அதுவும் உண்மை. குடுத்ததுல வித்தியாசமே இல்ல. வாங்கிக்கிட்டதுல இருந்தது.

அக்கா கல்யாணம் ஆகிப் போனப்போ நான் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு வீட்டுலதான் இருந்தேன். அந்த 210 நிமிஷம் அன்னைக்கு எங்க போச்சுன்னு ஷீட்டை வெச்சுத் தேடினோம். என் பக்கம் வரல. அப்பா பக்கமும் போகல. அம்மா பக்கம் போச்சு. முட்டி தேய்ஞ்சதுக்கு அதுதான் காரணம்னு டாக்டர் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் எங்க போச்சுன்னு மட்டும் சொல்றேன்.

பொங்கல் முடிஞ்சு அம்மாவுக்கு இடது முட்டி. இந்தத் தடவை அக்காவோட பெரியவனுக்குப் பரீட்சை, அவளால வந்து தங்க முடியாது. நான் ஆபீஸ்ல பேசி ஆறு வாரம் செங்கல்பட்டுலேர்ந்து வேலை பார்க்க ஒத்துக்க வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். வேலை எல்லாம் செஞ்சேன். ஆனா அக்காவுக்கு ஒரே நாள்ல பதினாலு தடவை போன் பண்ணியிருக்கேன். எவ்வளவு அரிசி போடணும், வென்னீர் ஒத்தடம் எப்போ, அடுத்து என்ன. கை என்னோடது, ஞாபகம் வெச்சுக்கிறது அவ. மறுபடியும் நான் சொன்னதைச் செய்யுற கடைக்குப் போற பையன்தான்.

அதனால பிரிச்ச விதத்தை மாத்தினோம். வேலை வேலையா பிரிக்காம நேரமா பிரிச்சோம். காலைல அஞ்சுலேர்ந்து ஒன்பது வரைக்கும் அந்த வீடு என்னோடது. மாவு தீரப் போகுதுன்னு முந்தின நாளே நான்தான் பார்க்கணும், குக்கர் விசிலை நான்தான் எண்ணணும். அந்த நேரத்துல அக்கா போனை எடுக்க மாட்டா, அது ஒப்பந்தம். ரெண்டாவது நாளே இட்லி மாவு புளிச்சுப் போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம தோசையா ஊத்தச் சொன்னாங்க.

நீங்க அக்காவோ தங்கையோ இருக்கிறவங்களா இருந்தா, நான் சொன்ன மாதிரி ஒரு ஷீட் போட்டுப் பாருங்க. சாதாரண வார நாள் ஒண்ணு, 48 கட்டம், தனித்தனியா. முதல்ல துண்டுச் சீட்டுல நம்பரை எழுதி மடிச்சு வெச்சுடுங்க, அப்புறம் மாத்த முடியாது. இதைக் கேட்டுட்டு அக்கா சொன்ன ஒரே திருத்தம்: லீவுல அவ கடலுக்கு வந்தது ஒரு தடவை இல்லயாம். ரெண்டு தடவை. இன்னொரு தடவை, வீட்டுல சாப்பாடு ஆறுதுன்னு என்னைக் கூப்பிட வந்தாளாம்.